தக்காளி கிரேவியும் சூப்பும்: புளிப்பையும் தோலையும் கையாளும் முறை

தக்காளி கிரேவி புளித்துப்போனால் பலரும் உடனே செய்வது, இன்னும் பத்து நிமிடம் கொதிக்க விடுவது. கொதித்த பிறகு வாயில் வைத்தால் முன்பைவிடப் புளிப்பாக இருக்கும். தக்காளியின் புளிப்புக்கு முக்கியக் காரணம் சிட்ரிக் அமிலம். எலுமிச்சையில் இருப்பதும் அதுதான். அது ஆவியாகப் போவதில்லை, தண்ணீர்தான் போகிறது. ஒரு லிட்டர் சாற்றை அரை லிட்டராக வற்றவைத்தால் அதே அமிலம் பாதி அளவு சாற்றுக்குள் வந்து நிற்கும்.

கொதிக்கக் கொதிக்கப் போவது வேறொன்று: பச்சை வாசனை. நறுக்கியதும் மூக்கில் ஏறும் புல் போன்ற அந்த மணம் எளிதில் ஆவியாகிவிடும். நாக்கு இந்த இரண்டையும் சேர்த்து ‘புளிப்பு’ என்று எடுத்துக்கொள்வதால்தான் குழப்பம். பச்சை வாசனைக்கு மருந்து நேரமும் எண்ணெயும். புளிப்புக்கு மருந்து இனிப்பு, கொழுப்பு, உப்பு, கடைசியாக ஆப்ப சோடா. எது குறை என்று தெரிந்துகொண்டுதான் கை வைக்க வேண்டும்.

கீழே 1 கிலோ தக்காளியை எடுத்து, தோல் நீக்கி, ஒரு விழுதாக்கி, அதில் ஒரு பங்கைக் கிரேவியாகவும் மறு பங்கைச் சூப்பாகவும் செய்யும் முறை முழுமையாக இருக்கிறது.

எந்தத் தக்காளி

தமிழ்நாட்டுக் கடைகளில் பொதுவாக இரண்டு வகை கிடைக்கும். ஒன்று நாட்டுத் தக்காளி: தட்டையான உருண்டை, காம்புப் பக்கம் மடிப்புகள், மெல்லிய தோல், நிறையச் சாறும் விதையும், நல்ல புளிப்பு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம். 1 ரகம் இந்தச் சாயல் கொண்டது. அதன் காம்பைச் சுற்றிப் பச்சை நிறம் நிற்பதைப் பார்க்கலாம். இன்னொன்று பெங்களூர்த் தக்காளி என்று கடைக்காரர்கள் சொல்லும் ஹைப்ரிட்: முட்டை வடிவம், தடித்த தோல், கெட்டியான சதை, குறைந்த சாறு, குறைந்த புளிப்பு.

நாட்டுத் தக்காளியை மட்டும் போட்டால் மணமும் சுவையும் கிடைக்கும், ஆனால் கிரேவி நீர்த்து, புளிப்பும் தூக்கலாக இருக்கும். ஹைப்ரிட்டை மட்டும் போட்டால் நிறமும் கெட்டித்தன்மையும் வரும், சுவை மந்தமாக இருக்கும். கிரேவிக்கும் சூப்புக்கும் பொருத்தமான கலவை 600 கிராம் பெங்களூர்த் தக்காளி, 400 கிராம் நாட்டுத் தக்காளி. ரசத்துக்கு நாட்டுத் தக்காளியை மிஞ்ச எதுவும் இல்லை, அது வேறு கணக்கு.

வகையைவிடப் பழுத்த பக்குவம் முக்கியம். பழுக்கப் பழுக்கத் தக்காளியில் இனிப்புக் கூடும், புளிப்பு தணியும். காம்பைச் சுற்றிப் பச்சையோ மஞ்சளோ நிற்கிற பழத்தை வாங்கியிருந்தால் அன்றே சமைக்காமல், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஒரு தட்டில் பரப்பி, இரண்டு நாள் வெளியே வையுங்கள். பழுக்காத தக்காளியைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தால் பழுப்பது நின்றுவிடும், மணமும் வளராது. விரலால் லேசாக அழுத்தினால் சற்றே உள்வாங்கி, முழுதும் சிவந்திருப்பதுதான் சரியான பதம். இந்த இரண்டு நாள் காத்திருப்பு, பின்னால் போடும் வெல்லத்தைவிட அதிக வேலை செய்யும்.

தோல் ஏன் தொந்தரவு, எப்போது விட்டுவிடலாம்

தக்காளித் தோலின் மேற்பரப்பில் மெழுகு போன்ற ஒரு படலம் இருக்கிறது. தண்ணீர் உள்ளே புகாமலும் வெளியேறாமலும் காப்பது அதுதான். எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அது கரையாது. நறுக்கிப் போட்ட துண்டின் சதை குழைந்து பிரிந்துபோக, தோல் மட்டும் சுருண்டு, காகிதச் சுருள்போல் குழம்பில் மிதக்கும். அது தொண்டையில் ஒட்டும், பல்லிடுக்கில் மாட்டும்.

எல்லாச் சமையலுக்கும் தோல் நீக்க வேண்டியதில்லை. நாட்டுத் தக்காளியைப் பொடியாக நறுக்கித் தொக்கு செய்கிறீர்கள் என்றால் தோல் பெரிதாகத் தெரியாது. பெங்களூர்த் தக்காளியில் கிரேவி என்றால் நீக்குவது நல்லது. சூப்பு என்றால் எந்தத் தக்காளியானாலும் நீக்கித்தான் ஆக வேண்டும்.

1 கிலோ அளவுக்குச் சிறந்தது வெந்நீர் முறை. பெரிய பாத்திரத்தில் 3 லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். பக்கத்தில் இன்னொரு பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர், பனிக்கட்டி இருந்தால் அதுவும். தக்காளியின் அடிப்பக்கத்தில், அதாவது காம்புக்கு எதிர்ப்பக்கத்தில், கத்தி நுனியால் பெருக்கல் குறி போல் கீறுங்கள். தோல் மட்டும் கீறினால் போதும், சதைக்குள் ஆழமாக இறங்கினால் சாறு வெந்நீரில் போய்விடும்.

ஒரு தடவைக்கு நான்கைந்து பழம் மட்டும் போடுங்கள். மொத்தத்தையும் கொட்டினால் தண்ணீரின் கொதி அடங்கிவிடும். அது மறுபடி கொதிப்பதற்குள் பழம் உள்ளே வேகத் தொடங்கும், தோலோ இறுக்கமாகவே இருக்கும். நாட்டுத் தக்காளிக்கு 20 முதல் 30 விநாடி, பெங்களூர்த் தக்காளிக்கு 45 முதல் 60 விநாடி. கடிகாரத்தைவிடக் கீறலைப் பார்ப்பது மேல். நான்கு மூலைகளும் இதழ்போல் வெளியே மடங்கத் தொடங்கியதும் அரிகரண்டியால் அள்ளிக் குளிர்ந்த நீரில் போட்டுவிடுங்கள். தோலுக்கும் சதைக்கும் இடையே பசைபோல் இருக்கும் பெக்டின் சூட்டில் இளகியதால்தான் இப்படி நடக்கிறது. குளிர்ந்த நீர், சதை அதற்கு மேல் வேகாமல் நிறுத்துகிறது. மூலையைப் பிடித்து இழுத்தால் தோல் முழுசாகக் கழன்று வரும்.

தோலோடு சதையும் பிய்ந்து வந்தால் அதிக நேரம் கிடந்திருக்கிறது என்று பொருள். தோல் வரவே மறுத்தால் ஒன்று நேரம் போதவில்லை, அல்லது பழம் காய்வெட்டாக இருக்கிறது. காய்வெட்டான பழத்தை மீண்டும் மீண்டும் வெந்நீரில் போட்டுப் பிரயோசனமில்லை. அதை மட்டும் துருவிவிடுங்கள்.

துருவுவது இரண்டு மூன்று பழத்துக்கு மிக வேகமான வழி. பழத்தைக் குறுக்காக இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தைத் துருவலின் பெரிய கண்களில் தேய்க்க வேண்டும். சதையும் சாறும் கீழே இறங்க, உள்ளங்கையில் தோல் மட்டும் கிண்ணம்போல் மிஞ்சும். வெந்நீரும் வேண்டாம், மிக்ஸியும் வேண்டாம். இருவர் சாப்பிடும் கிரேவிக்கு இதுவே போதும்.

உறையவைத்த தக்காளி வீட்டில் இருந்தால் வேலை இன்னும் சுலபம். குழாய்த் தண்ணீரில் அரை நிமிடம் காட்டினாலே தோல் கையோடு வந்துவிடும். ஆனால் உறைந்து இளகிய சதை தொளதொளவென்று தண்ணீர் விடும். சமையலுக்கு ஆகும், பச்சையாகச் சாப்பிட ஆகாது.

வேகவைக்காத தக்காளியைத் தோலோடு மிக்ஸியில் அரைத்து வடிகட்டும் வழக்கமும் உண்டு. இதில் இரண்டு சங்கடம். நன்றாக அரைத்தால் தோல் பொடிப்பொடியாகிச் சல்லடை வழியே இறங்கிவிடும், விதைகளும் உடைந்து லேசான கசப்பைத் தரும். அடுத்தது, காற்று உள்ளே புகுந்து விழுது வெளிறிய இளஞ்சிவப்பாக நுரைக்கும். இந்த நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கொதித்து நுரை அடங்கியதும் சிவப்பு திரும்பிவிடும். அவசரத்துக்கு இப்படிச் செய்வதானால் ஓட்டி ஓட்டி நிறுத்தி அரையுங்கள், ஒரே மூச்சாக ஓட்டாதீர்கள்.

விழுது

தோல் நீக்கிய பழத்தின் காம்புக் குழியையும் அதைத் தொடர்ந்து உள்ளே இறங்கும் வெள்ளை நடுத்தண்டையும் வெட்டி எடுத்துவிடுங்கள். அது கடைசிவரை கடினமாகவே இருக்கும். பிறகு பழத்தை நான்காக வெட்டுங்கள்.

விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பான சாற்றில் புளிப்பு அதிகம். அதனால் அதை வழித்து எறிந்துவிடச் சொல்வார்கள். எறியாதீர்கள். சதையைவிட அதில்தான் தக்காளிக்கே உரிய ஆழமான சுவையும் அதிகமாக இருக்கிறது. விதையைச் சாறோடு ஒரு சல்லடையில் வழித்துப்போட்டு, கரண்டியின் அடிப்புறத்தால் தேய்த்தால் சாறு இறங்கி விதை மட்டும் மேலே தங்கும். நாட்டுத் தக்காளி மிகவும் புளிப்பாக இருந்தால் மட்டும் இந்தச் சாற்றில் பாதியை எடுத்து ரசத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அதிகம் பேர் கவனிக்காத ஒரு படி. தக்காளியை வெட்டியதும், அதற்குள்ளேயே இருக்கும் நொதிகள் பெக்டினை உடைக்கத் தொடங்கிவிடும். நறுக்கி அரைமணி நேரம் வைத்துவிட்டுச் சமைத்தால் கிரேவி தட்டில் ஊற்றியதும் ஓரத்தில் தண்ணீர் தனியாகப் பிரிந்து ஓடுகிறதே, அதற்கு இது ஒரு காரணம். சூடு பட்டதும் அந்த நொதிகள் அடங்கிவிடும். ஆகவே வெட்டியதைக் குவித்துவைக்காமல் சூடேற்றுவதுதான் வழி. அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தை அடுப்பில் வைத்து, முதலில் ஐந்தாறு துண்டுகளைப் போட்டு மத்தால் நசுக்கிக் கொதிக்க வையுங்கள். கொதி வந்ததும் மீதியைக் கைப்பிடி கைப்பிடியாக, கொதி அடங்காத வேகத்தில் சேருங்கள். தண்ணீர் ஊற்றவே வேண்டாம். வடிகட்டிய விதைச்சாற்றையும் கடைசியில் ஊற்றி, அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, மிதமான தீயில் 10 நிமிடம் திறந்தே வேகவிடுங்கள்.

மூடாமல் வேகவைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆவியோடு பச்சை வாசனை வெளியேற வேண்டும். குக்கரில் வைத்து விசில் விட்டால் தக்காளி வேகும், வாசனை உள்ளேயே தங்கும், தண்ணீரும் வற்றாது. குக்கரில்தான் செய்வதென்றால் திறந்த பிறகு ஐந்தாறு நிமிடம் கொதிக்கவிட வேண்டியிருக்கும்.

பாத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அலுமினியத்திலும் இரும்பு வாணலியிலும் தக்காளியை நீண்டநேரம் கொதிக்கவிட்டால் அமிலம் உலோகத்தை அரித்து, கிரேவியில் நாணயத்தை நாக்கில் வைத்தது போன்ற சுவை வரும். இரும்பில் நிறமும் கறுக்கும். எவர்சில்வர், மண்சட்டி இரண்டும் நம்பகமானவை. பித்தளையில் வெள்ளீயம் நன்றாகப் பூசியிருந்தால் மட்டும்.

வெந்ததைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு மிக்ஸியில் அரையுங்கள். சூடாக, ஜாடி நிறைய ஊற்றி மூடி ஓட்டினால் ஆவி மூடியைத் தூக்கி எறியும், கொதிக்கும் விழுது முகத்தில் தெறிக்கும். அவசரமென்றால் ஜாடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாமல், மூடியைத் துணியால் அழுத்திப் பிடித்து, விட்டுவிட்டு ஓட்டுங்கள். 1 கிலோ பழத்தில் இப்படி ஏறக்குறைய 750 மில்லி விழுது கிடைக்கும். மழைக்காலத்துப் பழமானால் விழுது சற்று நீர்த்திருக்கும்.

கிரேவி: 400 மில்லி விழுதில்

வேண்டியவை: எண்ணெய் 3 மேசைக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம் 200 கிராம், இஞ்சி பூண்டு விழுது 1 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி, மல்லித்தூள் 2 தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, உப்பு.

எண்ணெய் காய்ந்ததும் சீரகம் பொரியவிட்டு வெங்காயத்தைப் போடுங்கள், ஒரு சிட்டிகை உப்பும் சேருங்கள். மிதமான தீயில் 12 முதல் 15 நிமிடம். வெங்காயம் ஓரம் சிவந்திருப்பது மட்டும் போதாது. ஒரு துண்டை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கினால் நார் தெரியாமல் மசிய வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பின்னால் திருத்தவே முடியாது. புளிப்புள்ள சாற்றில் காய்களின் பெக்டின் இளகாது, அதனால் அரைவேக்காட்டு வெங்காயத்தின் மேல் தக்காளியை ஊற்றிவிட்டால் அரைமணி நேரம் கொதித்தாலும் அது நறுக்நறுக்கென்றே இருக்கும். பருப்பும் உருளைக்கிழங்கும் தக்காளியோடு சேர்த்துப் போட்டால் வேகத் தாமதமாவதும் இதே காரணத்தால்தான். நன்கு வதங்கிய வெங்காயத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதன் இனிப்பு, புளிப்புக்கு எதிரே நிற்கும் முதல் பலம்.

இஞ்சி பூண்டு விழுதைப் போட்டு ஒன்றிரண்டு நிமிடம் வதக்கி, தீயைக் குறைத்து, பொடிகளை 2 மேசைக்கரண்டி தண்ணீரில் குழைத்து ஊற்றுங்கள். காய்ந்த பொடியை நேராகக் கொட்டினால் மிளகாய்த்தூள் சில விநாடிகளில் கருகும். அந்தக் கசப்பைப் பலர் தக்காளியின் புளிப்பென்று நினைத்துச் சர்க்கரை போடுவார்கள், சரியாகாது.

தண்ணீர் வற்றி எண்ணெய் சிவந்ததும் 400 மில்லி தக்காளி விழுதை ஊற்றுங்கள். இனி 12 முதல் 15 நிமிடம். கெட்டியான விழுது நாலாபுறமும் தெறிக்கும், மூடியைச் சற்றே திறந்தாற்போல் சாய்த்து வையுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடியோடு கிளறுங்கள்.

பதம் தெரிவது இப்படி. முதலில் சிறுசிறு குமிழிகள் வேகமாகச் சலசலக்கும், அது தண்ணீர் போகும் சத்தம். சில நிமிடம் கழித்துக் குமிழிகள் பெரிதாகி, மெதுவாக எழும்பி ‘பொளக் பொளக்’ என்று வெடிக்கும். சிவப்பு ஒரு படி கருத்துவரும். மேலே குனிந்து முகர்ந்தால் பச்சை வாசனை போய், மசாலாவும் தக்காளியும் சேர்ந்த மணம் வரும். கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால் அந்தத் தடம் இரண்டு விநாடி மூடாமல் நிற்கும். பிறகு ஓரங்களில் எண்ணெய் கசியும்.

எண்ணெய் பிரிந்தால்தான் பதம் என்று எல்லாரும் சொல்வது உண்மைதான். தண்ணீர் குறைந்து, எண்ணெயைப் பிடித்துவைக்க முடியாதபோதுதான் அது வெளியே வருகிறது. ஆனால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சமைப்பவர் அதற்காகக் காத்திருந்தால் அடிப்பிடிக்கும், எண்ணெய் மட்டும் வராது. அவர்களுக்குக் கரண்டித் தடம்தான் அளவுகோல்.

இப்போது 150 மில்லி கொதிக்கும் நீரை ஊற்றி, ஒரு கொதி வந்ததும் உப்பைச் சரிபார்த்து, ருசி பாருங்கள். நான்கு பேருக்குச் சப்பாத்திக்கோ முட்டைக்கோ பனீருக்கோ போதுமான கிரேவி தயார்.

புளிப்பை அடக்குவது: எதற்குப் பின் எது

முதலில் உப்பு. உப்புக் குறைந்த கிரேவியில் புளிப்பு தனியாக முன்னால் வந்து நிற்கும். கால் தேக்கரண்டி போட்டு, கலக்கி, ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள். பாதிச் சமயம் இதோடு முடிந்துவிடும்.

அடுத்தது கொழுப்பு. 8 முந்திரிப் பருப்பை வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்து நைசாக அரைத்து ஊற்றலாம், அல்லது 4 மேசைக்கரண்டி கெட்டித் தேங்காய்ப்பால், அல்லது ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய். அமிலம் அப்படியேதான் இருக்கும், நாக்கில் படும் வேகம் குறையும். முந்திரி போட்டதும் தீயைக் குறையுங்கள், அடியில் பிடிப்பது அதுதான்.

மூன்றாவது இனிப்பு. கால் தேக்கரண்டி வெல்லத்தூளோ சர்க்கரையோ போட்டு நிறுத்துங்கள். இனிப்பென்று நாக்குக்குத் தெரியும் அளவு போனால் புளிப்பும் இனிப்புமாக இரண்டும் தெரியும், பாட்டில் சாஸ்போல் ஆகிவிடும்.

கடைசியாக ஆப்ப சோடா. மேலே சொன்ன மூன்றும் புளிப்பை மறைக்கும், இது ஒன்றுதான் அமிலத்தையே குறைக்கும். அதனால்தான் அளவு மீறக் கூடாது. 1 கிலோ தக்காளியில் பொதுவாக 4 முதல் 5 கிராம் அமிலம் இருக்கும். கால் தேக்கரண்டி சோடா அதில் ஐந்தில் ஒரு பங்கைப் போக்கும், அதுவே நன்றாகத் தெரியும். ஒரு தேக்கரண்டி முழுக்கப் போட்டால் பெரும்பகுதி அமிலமும் போய், சவுக்காரம் கலந்ததுபோல் சப்பென்று உப்புக் கரிக்கும். அதற்குத் திருத்தம் புதுத் தக்காளி சேர்ப்பதுதான். நம் 400 மில்லி விழுதுக்கு அரைக்கால் தேக்கரண்டியே உச்சம். அதையும் இரண்டு மூன்று சிட்டிகையாகப் பிரித்துப் போடுங்கள். போட்டதும் நுரைத்துப் பொங்கும், அது அமிலமும் சோடாவும் சேர்ந்து வாயு வெளிவருவது. நுரை அடங்கிய பின் ருசி பார்த்து அடுத்த சிட்டிகை. சோடாவிலும் சோடியம் இருப்பதால், போடப்போகிறீர்கள் என்றால் உப்பைக் கொஞ்சம் கையடக்கமாகப் போட்டிருப்பது நல்லது.

உருளைக்கிழங்கைப் போட்டால் புளிப்பை உறிஞ்சிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. கிழங்கு சாற்றை உறிஞ்சும், புளிப்பைத் தனியாகப் பிரித்து உறிஞ்சாது. அதில் கரைந்த மாவு சற்றே இதமாக்கும், அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கக் குறையும் வரும். பெங்களூர்த் தக்காளி மட்டும் போட்டு, எல்லாம் சரியாக இருந்தும் கிரேவி ஏதோ மந்தமாக இருந்தால் அதற்குப் புளிப்புப் போதவில்லை. இறக்கியபின் அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டால் தெளிந்துவிடும்.

சூப்பு: மீதமுள்ள 350 மில்லி விழுதில்

ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயை உருக்கி, ஒரு சிறு பிரிஞ்சி இலை, நசுக்கிய 2 பல் பூண்டு, 50 கிராம் வெங்காயம், மெல்லியதாக நறுக்கிய 50 கிராம் கேரட் போட்டு, நிறம் மாறாமல் ஐந்து நிமிடம் வதக்குங்கள். 350 மில்லி தண்ணீர் ஊற்றி மூடி, கேரட் கத்தி நுனியில் வழுக்கும் வரை 10 நிமிடம் வேகவிடுங்கள். தக்காளிக்கு முன்பே கேரட் வெந்தாக வேண்டும், வெங்காயத்துக்குச் சொன்ன காரணமேதான். சர்க்கரை போடாமல் சூப்பின் புளிப்பை ஆற்றுவது இந்தக் கேரட்.

இலையை எடுத்துவிட்டு, ஆறவைத்து அரைத்து, தக்காளி விழுதோடு சேர்த்துச் சல்லடையில் வடிகட்டுங்கள். தப்பிய தோல், விதை, நார் எல்லாம் இங்கே நின்றுவிடும். மாவுச் சல்லடை போல் மிக நெருக்கமானதில் வடிகட்டினால் சதையும் தங்கி, சூப்பு வெறும் தண்ணீராகிவிடும். தேங்காய்ப்பால் வடிகட்டும் சல்லடை சரியான கண். வடித்ததைக் கொதிக்கவிட்டு அரைத் தேக்கரண்டி மிளகுத்தூளும் உப்பும் சேருங்கள்.

கெட்டிப்படுத்த ஒன்றரைத் தேக்கரண்டி கார்ன்ஃப்ளார் மாவை 3 மேசைக்கரண்டி குளிர்ந்த நீரில் கரைத்து, கலக்கிக்கொண்டே ஊற்றி, இரண்டு நிமிடம் கொதித்ததும் இறக்குங்கள். சுடுநீரில் கரைத்தால் கட்டி தட்டும். முன்கூட்டியே போட்டு நீண்டநேரம் கொதிக்கவிட்டால், சூடும் புளிப்பும் சேர்ந்து மாவின் பிடிப்பை உடைத்து, கெட்டியாக இருந்த சூப்பு மறுபடி நீர்த்துவிடும். அதற்கு மேலும் மாவு போடுவார்கள், கடைசியில் பசை கிண்டியதுபோல் ஆகும். கேரட் இருப்பதால் மாவே இல்லாமலும் குடிக்கும் பதம் கிடைக்கும். சூப்பின் சுவைக்கு அதுவே மேல்.

பால் திரிவது

கிரீம் சூப்பு செய்கிறேன் என்று கொதிக்கும் தக்காளிச் சூப்பில் பாலை ஊற்றினால் பனீர் செய்வதுபோல் திரிதிரியாகிவிடும். நடப்பதும் அதேதான். பாலின் புரதம், புளிப்பும் சூடும் சேரும் இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி உறைகிறது.

தவிர்க்க வேண்டுமானால் பாலுக்கு ஒரு காப்பு வேண்டும். ஒரு தேக்கரண்டி வெண்ணெயில் ஒரு தேக்கரண்டி மைதாவைச் சிறுதீயில் ஒரு நிமிடம் வறுத்து, 150 மில்லி பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் காய்ச்சுங்கள். மாவு, புரதம் ஒன்றுசேர்வதைத் தடுக்கும். இதைப் போடும் சூப்புக்குக் கார்ன்ஃப்ளார் வேண்டாம். சூப்பில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டு நுரை அடங்கவிடுங்கள். பிறகு அடுப்பை அணைத்து, சூப்பை ஒவ்வொரு கரண்டியாகப் பாலில் ஊற்றிக் கலக்குங்கள். பால் முதலில் கொஞ்சமான புளிப்பைத்தான் சந்திக்கும். முழுவதும் கலந்த பின் சூடேற்றலாம், ஆனால் கொதி வரக் கூடாது. இத்தனையும் வேண்டாமென்றால் பாலுக்குப் பதில் கிரீம் 3 மேசைக்கரண்டி, இறக்கிய பிறகு. கொழுப்பு நிறைந்து புரதம் குறைந்திருப்பதால் அது அவ்வளவு சீக்கிரம் திரியாது.

திரிந்துவிட்ட சூப்பை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் பார்வைக்குச் சீராகும், ஆனால் நாக்கில் மெல்லிய மணல்போல் தட்டும். அதைக் கிரேவிக்குத் திருப்பிவிடலாம், அங்கே தெரியாது.

எடுத்து வைப்பது

விழுதைக் குளிர்பதனப் பெட்டியில், மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில், மூன்று நாள் வைக்கலாம். உறைபெட்டியில் இரண்டு மாதத்துக்குச் சுவை குறையாது. பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவிட்டு, கட்டிகளை ஒரு பையில் போட்டுவைத்தால் வேண்டிய அளவு மட்டும் எடுக்க முடியும். ஒரு கட்டி எவ்வளவு என்று முதலில் தண்ணீர் ஊற்றி அளந்து, பையின் மேல் எழுதிவையுங்கள்.

விழுதைச் சூடாகப் பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்காதீர்கள். ஊறுகாயில் இருக்கும் உப்பும் எண்ணெயும் புளிப்பும் இதில் இல்லை. பழுத்த தக்காளியின் புளிப்பு, கொடிய நச்சுக்கிருமிகளைத் தடுக்கும் எல்லைக்கு மிக அருகில்தான் நிற்கும். சோடா போட்ட விழுது அந்த எல்லையைத் தாண்டிவிடக்கூடும், மணத்திலோ நிறத்திலோ அது தெரியாது. ஆகவே எடுத்துவைக்கும் விழுதில் சோடா சேர்க்காமல், சமைக்கும் அன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.